இடுக்கைப் பாருங்கள்!
குழந்தையின் மெத்தை, தொட்டில் கட்டில், தரைப் படுக்கை: வாங்கும்போதும் விரிக்கும்போதும் எதை அளக்க வேண்டும்? தலையணையும் போர்வையும் எந்த வயதில் தரலாம்?

மெத்தைக் கடைக்குப் போகும் வீட்டார் எல்லோரும் முதலில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்க்கிறார்கள். கை புதைந்து எழுந்தால், “மெத்துன்னு இருக்கு, குழந்தைக்கு இதையே எடுத்துக்கலாம்” என்று முடிவாகிவிடுகிறது. இடுப்பும் தோளும் அகன்ற பெரியவர்களுக்கு இந்தச் சோதனை ஓரளவு பொருந்தும். குழந்தைக்குப் பொருந்தாது. கை புதையும் மெத்தையில் குப்புறத் திரும்பிய குழந்தையின் மூக்கும் வாயும் புதையும். விட்ட மூச்சுக் காற்று முகத்தைச் சுற்றியுள்ள குழியிலேயே தங்க, குழந்தை அதையே மறுபடி இழுக்கிறது. ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. பெரியவர்களுக்கு இந்நிலையில் தானாக விழிப்பு வந்து தலை திரும்பிவிடும். சின்னஞ்சிறு குழந்தையிடம் அந்த விழிப்பும் கழுத்து பலமும் இன்னும் தேறியிருப்பதில்லை.

மென்மை ஒரு ஆபத்து என்றால், இடுக்கு இன்னொன்று. மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவில், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு மெத்தைக்கும் பக்கத்து மெத்தைக்கும் நடுவில் இடுக்குகள் உண்டாகின்றன. குழந்தை உருண்டு போய் முகமோ மார்போ அதில் சிக்கிக்கொண்டால், முன்னோக்கித் தள்ளிக்கொண்டே போகத் தெரியுமே தவிர, பின்வாங்கி வெளியே வரத் தெரியாது. மூச்சு அடைபடும்போது அழுகைக் குரலும் எழும்பாது. “அழுதால் கேட்குமே” என்று அடுத்த அறையில் இருப்பவர்கள் நம்பியிருக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

நான்கு மாதத்துக்குப் பிறகு மாறும் ஆபத்து

தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் குழந்தை இறப்புகளில் சுமார் 90 சதவீதம் முதல் ஆறு மாதத்துக்குள் நடப்பவை. ஆறு மாதம் தாண்டியதும் வீட்டில் கவனம் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் படுக்கை விபத்துகள் அதோடு முடிவதில்லை. அமெரிக்காவின் 24 மாநிலங்களில் நடந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தை இறப்புகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2014-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியானது. மூன்று மாதம் வரையிலான குழந்தைகளிடம் பெரியவர்களோடு ஒரே படுக்கையில் படுத்திருந்தது அதிகமாகத் தெரிந்தது. நான்கு மாதத்துக்கு மேற்பட்டவர்களிடம் தலையணை, போர்வை போன்ற பொருள்கள் படுக்கையில் கிடந்ததும், குழந்தை அவற்றின் மேல் உருண்டு போயிருந்ததும் அதிகமாகத் தெரிந்தது.

உருளத் தெரிந்த குழந்தை படுக்க வைத்த இடத்தில் இருக்காது. இரவில் படுக்கையின் நான்கு மூலைகளுக்கும் போய்வரும். அதனால் குழந்தை படுத்திருக்கும் நடுப்பகுதியைவிட, அது போய்ச் சேரக்கூடிய ஓரங்களைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும்.

எந்த மெத்தை கெட்டி?

நம் ஊர் மெத்தைக் கடைகளில் குழந்தைக் கட்டிலுக்கு மூன்று வகை கிடைக்கின்றன: பஞ்சு, ரப்பர் கலந்த தேங்காய் நார், ஃபோம்.

இலவம்பஞ்சும் பருத்திப் பஞ்சும் அடைத்த மெத்தை புதிதில் உப்பலாக இருந்து, சில மாதங்களில் படுக்கும் இடத்தில் குழி விழும். பஞ்சை எடுத்து அடித்துத் திரும்பத் தைத்தால் மீண்டும் உப்பும், மீண்டும் குழியும். உப்பல், குழி இரண்டுமே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது. பெரியவர்கள் படுத்துக் குழிந்த பழைய மெத்தையை வெட்டித் தைத்துக் குழந்தைக்குப் போடுவதும் இதே காரணத்தால் வேண்டாம்.

நார் மெத்தை இயல்பிலேயே கெட்டி. காற்றோட்டமும் உண்டு. அதன் மேல் மென்மையான ஃபோம் அடுக்கு ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; இருந்தால் அந்தப் பக்கம் கீழே போக வேண்டும். உறை மெல்லியதாக இருந்தால் நார் முனை குத்தும். கை வைத்துத் தடவினால் தெரிந்துவிடும்.

ஃபோம் வாங்கும்போது கடைக்காரர் “32 டென்சிட்டி, 40 டென்சிட்டி” என்று எண் சொல்வார். அந்த எண் ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை, கிலோ கணக்கில். அடர்த்தி கூடினால் மெத்தை நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அடர்த்தியான ஃபோம் மென்மையாகவும் இருக்கலாம். அதனால் எண்ணைக் கேட்டதோடு நில்லாமல் கெட்டித்தன்மையைத் தனியாகச் சோதியுங்கள். உடல் வடிவத்துக்குக் குழிந்துகொடுக்கும் மெமரி ஃபோம் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

சோதிக்க எளிய வழி: மெத்தையின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் உள்ளங்கையால் நன்றாக அழுத்திக் கையை எடுங்கள். கையின் அச்சு ஒரு கணமும் நிற்காமல் பரப்பு நிமிர வேண்டும். குழந்தையின் தலை வைத்த இடத்தில் தலை வடிவில் பள்ளம் விழக் கூடாது. இன்னும் துல்லியம் வேண்டுபவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் ரான் சாமர்ஸ் வகுத்த ஒரு சோதனை இருக்கிறது. பழைய சிடி தட்டுகள் 12-ஐ ஒன்றன்மேல் ஒன்றாக மெத்தையில் வையுங்கள். அதன் மேல் ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரிக்காமல் படுக்கைவாக்கில், ஒரு முனை நான்கு செ.மீ. வெளியே நீட்டியிருக்குமாறு வையுங்கள். அதன் மேல் இன்னொரு பெட்டி. நீட்டிய முனை மெத்தையைத் தொட்டால் மெத்தை மிகவும் மென்மை, தொடாவிட்டால் சரி. குழந்தையின் முகம் அழுந்தினால் என்ன ஆகும் என்பதை இந்த எடை காட்டிக்கொடுக்கிறது.

மெத்தையின் கனம் நான்கு அங்குலம் போதும். ஆறு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. கனம் கூடக் கூட, கட்டில் கம்பியின் உயரம் அந்த அளவு குறையும். குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கியதும் படுக்கைத் தட்டை அடி மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். அப்போது மெத்தையின் மேற்பரப்பிலிருந்து கம்பியின் உச்சி வரை அரை மீட்டராவது இருக்க வேண்டும்.

நான்கு அங்குலத் தப்பு

ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். பதினான்கு மாதப் பெண் குழந்தை. உறவினர் வீட்டிலிருந்து ஒரு மரக் கட்டில் வந்திருக்கிறது; அதன் உட்புற அளவு 52-க்கு 28 அங்குலம். கடையில் “குழந்தை மெத்தை” என்று கேட்டதும் 48-க்கு 24 அங்குல மெத்தையைக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் வைத்துப் பார்த்தால் நான்கு பக்கமும் இரண்டிரண்டு அங்குல இடைவெளி. பார்வைக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இங்கேதான் அளவு பிசகுகிறது. இடைவெளியை மெத்தை நடுவில் இருக்கும்போது அளக்கக் கூடாது. ஒரு மூலைக்கு முழுக்கத் தள்ளி, எதிர்ப் பக்கத்தில் அளக்க வேண்டும். குழந்தை உதைத்து, எழுந்து குதித்து, இரவோடு இரவாக மெத்தையை அப்படித்தான் தள்ளும். தள்ளிப் பார்த்தால் இந்தக் கட்டிலில் நீளவாக்கில் நான்கு அங்குலம், அகலவாக்கில் நான்கு அங்குலம். அதாவது பத்து செ.மீ. பரவலாகச் சொல்லப்படும் வரம்பு, பெரியவரின் இரண்டு விரல் அகலம், சுமார் மூன்று செ.மீ. இந்த இடுக்கு அதைப் போல மூன்று மடங்கு.

பாட்டி ஒரு வழி கண்டுபிடிக்கிறார். பழைய புடவையைச் சுருட்டி இடுக்கில் செருகிவிடலாம் என்கிறார். இடைவெளி மறைந்துவிடும், ஆபத்து மறையாது. மெத்தைக்கு ஓரமாக இப்போது ஒரு மென்மையான பள்ளம் இருக்கிறது. குழந்தையின் முகம் அதில் அழுந்தும், துணி அவிழ்ந்து வெளியே வரும். கம்பியைச் சுற்றிக் கட்டும் பஞ்சு அணைப்புகளுக்கும் இதே குறை. அமெரிக்கா 2022-இல் சட்டம் போட்டு அவற்றின் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

சரியான தீர்வு, மெத்தையை மாற்றுவது. கட்டிலின் உட்புறத்தை மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மரக் கட்டில் சற்றுக் கோணலாக இருக்கும். அதில் நீளத்திலும் அகலத்திலும் அரை அங்குலம் மட்டும் கழித்து மெத்தை தைக்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டிலுக்கு 51½-க்கு 27½. இப்போது ஒரு மூலைக்குத் தள்ளினாலும் எதிர்ப் பக்கம் அரை அங்குலம்தான் இருக்கும். பெரிய மெத்தையை மடக்கித் திணிப்பதும் கூடாது. நடுவில் புடைத்து, மூலைகள் தூக்கிக்கொள்ளும்.

விரிப்பும் கவனிக்க வேண்டியதே. எலாஸ்டிக் வைத்த பருத்தி விரிப்பு சில சலவைக்குப் பின் சுருங்கும். சுருங்கிய விரிப்பு மெத்தையின் மூலைகளை வளைத்து இழுக்கும். நேற்று வரை இல்லாத இடுக்கு மூலையில் திறக்கும். ரப்பர் ஷீட் போடுவதானால் விரிப்புக்கு அடியில், சுருக்கமில்லாமல் இழுத்துப் போடுங்கள். மெத்தையோடு வந்த பிளாஸ்டிக் உறையை முதல் நாளே கழற்றி எறியுங்கள்.

அடுத்து கம்பிகள். இரண்டு கம்பிக்கு நடுவில் ஆறு செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கையில் அளவுகோல் இல்லையென்றால் ஒரு குளிர்பான கேனை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அந்தக் கட்டில் ஆகாது. குழந்தையின் கால் முதலில் வெளியே போகும், இடுப்பும் மார்பும் பின்தொடரும், தலை மட்டும் நின்றுவிடும். தலை பெரிதாக இருப்பதால்தான் இந்த அளவு இவ்வளவு முக்கியமாகிறது. ஒரு பக்கம் மேலும் கீழும் இறங்கும் பழைய வகைக் கட்டிலை அமெரிக்கா 2011-லேயே விற்பனையிலிருந்து நீக்கியது. கொக்கி தேய்ந்தால் அந்தப் பக்கம் ஓரத்தில் விலகி இடுக்கு உண்டாகும் என்பதே காரணம். வாங்கி வந்த கட்டில் அப்படிப்பட்டதாக இருந்தால் விளையாட்டுச் சாமான் போட வைத்துக்கொள்ளலாம், படுக்க வேண்டாம்.

தரைக்கு இறங்கும் நாள்

இந்தக் குழந்தைக்கு இரண்டு வயது நெருங்கும்போது ஒரு நாள் காலைத் தூக்கிக் கம்பி மேல் போடும். உயரம் சுமார் 89 செ.மீ. தொட்டாலும், கம்பி அதன் மார்புக்குக் கீழே வந்தாலும் கட்டிலை விட்டு இறக்கும் நேரம் வந்துவிட்டது. அந்த உயரத்திலிருந்து தலைகீழாக விழுவதைவிடத் தரையில் படுப்பதே மேல்.

தரையில் படுப்பது நமக்குப் புதிதல்ல. பாயின் மேல் மெல்லிய விரிப்பு என்பது கெட்டித்தன்மையில் குறை சொல்ல முடியாத படுக்கை. சிக்கல் மெத்தை வந்தபின் தொடங்குகிறது. நான்கு அங்குல மெத்தையைச் சுவரோடு ஒட்டிப் போடுகிறார்கள். மொசைக் தரையிலும் டைல்ஸ் தரையிலும் மெத்தை வழுக்கும். இரவில் குழந்தை சுவரை உதைக்க உதைக்க, மெத்தை நகர்ந்து சுவரோரம் ஒரு கை அகல இடுக்கு திறக்கிறது. காலையில் யாரோ சரிசெய்துவிடுவதால் அது கண்ணில் படுவதேயில்லை.

வழி இரண்டு. ஒன்று, மெத்தையைச் சுவரிலிருந்தும் பீரோவிலிருந்தும் ஒரு அடிக்கு மேல் தள்ளிப் போடுவது. அப்போது குழந்தை உருண்டால் நேரே தரையில் விழுந்து, தாராளமாகத் திரும்ப இடமிருக்கும். நான்கு அங்குலத்திலிருந்து விழுந்தால் பெரிதாக அடிபடாது. பக்கத்தில் ஒரு பாயை விரித்துவிட்டால் போதும். இன்னொன்று, சுவரோடு ஒட்டியே போடுவதானால் அடியில் வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டு, வாரம் ஒருமுறை அல்ல, தினமும் படுக்கப் போகும்போது சுவரோரம் கையை விட்டுப் பார்ப்பது. முதல் வழியே பாதுகாப்பானது. பாதி ஒட்டியும் பாதி விலகியும் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

அப்பா அம்மா மெத்தையோடு குழந்தையின் மெத்தையை இணைத்துப் போடும் வீடுகளில் இன்னொரு இடுக்கு உண்டு. இரண்டு மெத்தைகள் சேரும் கோடு இரவில் விலகும். மேலே ஒரே விரிப்பைப் போட்டால் பிளவு கண்ணுக்கு மறையும், குழந்தையின் எடைக்கு விரிப்பு உள்ளே தொய்யும். இரண்டையும் ஒரு அடி பிரித்துப் போடுங்கள். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை எப்படியும் அதே அறையில், ஆனால் தனக்கான படுக்கையில்தான் படுக்க வேண்டும்.

குழந்தை விழாமல் இருக்கச் சுற்றிலும் தலையணை அணை கட்டுவது நம் வீடுகளில் மிகப் பரவலான பழக்கம். சின்னக் குழந்தைக்கு அந்த அணையே ஆபத்து. வளர்ந்த குழந்தைக்கோ அது ஏறுபடி. பெரியவர்களின் கட்டிலில் செருகும் தடுப்புக் கம்பிகளும் இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் அதே இடுக்கு உண்டாகும்.

தரைப் படுக்கையில் குழந்தை நள்ளிரவில் எழுந்து நடக்கும். அதனால் அறையின் கதவு வரை எல்லாமே கட்டிலின் உட்புறம் என்று கருதுங்கள். பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரோடு திருகி வையுங்கள். கொசுவிரட்டி, டேபிள் ஃபேன் ஒயர், திரைச்சீலைக் கயிறு எதுவும் கைக்கு எட்டக் கூடாது. குளியலறைக் கதவு தாழிட்டிருக்க வேண்டும்; வாளித் தண்ணீரே ஒரு குழந்தைக்கு ஆபத்து. காலையில் மெத்தையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். தரையோடு கிடக்கும் மெத்தையின் அடியில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பூச்சியும் தேளும் ஒண்டும்.

தலையணை எப்போது?

பன்னிரண்டு மாதத்துக்கு முன் தலையணையும் போர்வையும் இல்லை. தலையணை விஷயத்தில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியின் 2022 வழிகாட்டுதலும் பிரிட்டனின் பொதுச் சுகாதார அறிவுரையும் ஒன்றுபடுகின்றன. இதற்கு விலக்கு கேட்கும் பொருள் நம்மிடம் ஒன்று உண்டு: கடுகுத் தலையணை. தலை உருண்டையாக வரும் என்பதற்காகப் பிறந்ததிலிருந்தே வைக்கிறார்கள். தலை வடிவமைக்கும் குழந்தைத் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் எச்சரித்தது. தையல் விட்டால் கடுகு வாய்க்குப் போகும் என்பது இன்னொரு கவலை. தலை தட்டையாவதைத் தடுக்க விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுவதும், படுக்க வைக்கும் திசையை மாற்றுவதும் உதவும். தட்டை அதிகமாகத் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பன்னிரண்டு மாதம் என்பது அதற்கு முன் கூடவே கூடாது என்ற எல்லை. முதல் பிறந்தநாளன்றே தலையணை வாங்கிவிட வேண்டும் என்பதில்லை. பெரியவர் ஒருக்களித்துப் படுக்கும்போது தோள் அகலம் கழுத்தைத் தொங்கவிடும்; அந்த இடத்தை நிரப்பத் தலையணை தேவைப்படுகிறது. குழந்தையின் தோள் குறுகியது, தலை பெரியது. தலையணை இல்லாமலேயே கழுத்து நேராகத்தான் இருக்கிறது. அதனால் இரண்டு வயது வரை பொறுத்திருப்பதில் நஷ்டம் ஏதுமில்லை. கட்டிலுக்குள் தலையணை போட்டால் குழந்தை அதன் மேல் ஏறிக் கம்பியைத் தாண்டும் என்பதால், தரைப் படுக்கைக்கு வந்தபின் தருவதே பொருத்தம்.

முதல் தலையணை இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல், கெட்டியாக, சிறியதாக இருக்கட்டும். இரண்டாக மடித்து விட்டால் உடனே விரிய வேண்டும். குஞ்சம், பொத்தான், ஜிப்பின் இழுவை இவை எதுவும் இருக்கக் கூடாது. இலவம்பஞ்சு தலையணையானால் தையல் இரட்டையாக இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். குழந்தை இரவில் தலையணையை விட்டு உருண்டு போனால், திரும்பத் திரும்பத் தலைக்கு வைத்து அடைக்க வேண்டாம். அதற்கு இன்னும் தேவைப்படவில்லை.

போர்வைக்கு முன் சட்டை

போர்வை ஒரு வயதுக்குப் பிறகு, மெல்லிய பருத்தித் துணியாக மட்டும். பாட்டியின் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துத் தைத்தது நல்ல போர்வை: லேசானது, காற்று புகும். ஆனால் முழுப் புடவையைப் பல மடிப்பாக்கிப் போர்த்தினால் அதுவே கனமாகிவிடும். குழந்தையின் உயரத்துக்கு மேல் நீளம் வேண்டாம். கால் பக்கத்தில் மெத்தைக்கு அடியில் செருகி, மார்பு வரை மட்டும் போர்த்துங்கள். ரஜாய், கம்பளி, எடை கூட்டிய போர்வை இவை இந்த வயதுக்கு இல்லை.

பகலில் விளையாட்டாக முகத்தின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டுப் பாருங்கள். குழந்தை தடுமாறாமல் இழுத்து எறிகிறதா? எறிந்தால் போர்வைக்கு ஆயத்தம் என்பதற்கு அது ஓர் அடையாளம். ஆழ்ந்த தூக்கத்தில் அதே வேகம் இருக்காது என்பதால், எட்டு மாதக் குழந்தை எறிந்துவிட்டது என்று போர்வை தரக் கூடாது. குறைமாதத்தில் பிறந்தவர்கள், தசை பலம் குறைந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள் விஷயத்தில் மருத்துவரைக் கேட்டபிறகே தலையணையும் போர்வையும்.

நம் வெயிலுக்குப் பெரும்பாலான இரவுகளில் போர்வையே வேண்டியதில்லை. ஏசி அறையில் குளிருக்குத் தீர்வு உடையில் இருக்கிறது. உங்களுக்கு ஓர் உடை போதுமென்றால் குழந்தைக்கு இன்னொரு மெல்லிய உடை கூட. கையும் காலும் சில்லென்று இருப்பது வழக்கம். அதைத் தொட்டுக் குளிரைக் கணிக்காதீர்கள். பிடரியையோ மார்பையோ தொடுங்கள். வியர்த்திருந்தால் ஓர் உடையைக் கழற்றுங்கள். தொப்பி, கழுத்தில் கயிறு, பாதுகாப்பு ஊசி இவை தூங்கும் உடலில் இருக்கக் கூடாது.

ஊருக்குப் போனால்

இத்தனையும் ஒழுங்காகச் செய்த வீட்டில்கூட, தாத்தா வீட்டுக்குப் போன முதல் இரவில் எல்லாம் மாறிவிடும். அங்கே பெரிய கட்டில், சுவரோரம், இலவம்பஞ்சு மெத்தை, சுற்றிலும் தலையணை அணை. குழந்தையைக் கொஞ்ச எல்லோரும் இருப்பதால் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போகும்போதே ஒரு பாயும் வீட்டு விரிப்பும் கூட எடுத்துச் செல்லுங்கள். சுவரிலிருந்து தள்ளித் தரையில் விரித்து, பெரியவர்களின் தலையணைகளை எட்டாத தூரத்தில் வையுங்கள். “நாங்க எல்லாம் இப்படியா வளர்ந்தோம்?” என்று கேட்பார்கள். அவர்கள் பாயில் வளர்ந்தவர்கள். உப்பலான மெத்தை பின்னால் வந்தது. அதைச் சொல்லி, பாயையே விரியுங்கள்.